செம்பழுப்பு ஆண், வெளிர்மஞ்சள் பெண்: எகிப்தியக் கல்லறை ஓவியங்களின் தோல்நிறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்தியக் கல்லறைகளில் ஆண்களைச் செம்பழுப்பாகவும் பெண்களை வெளிர்மஞ்சளாகவும் ஏன் தீட்டினார்கள்?

பார்த்த மாத்திரத்தில் உருவம் ஆணா பெண்ணா என்று தெரியவேண்டும் என்பதற்காக. எகிப்திய ஓவியத்தில் தலை பக்கவாட்டிலும், கண்ணும் தோள்களும் நேராகவும், கால்கள் மறுபடியும் பக்கவாட்டிலும் இருக்கும். ஒவ்வோர் உறுப்பும் எந்தக் கோணத்தில் மிகத் தெளிவாகப் புரியுமோ அந்தக் கோணத்தில் வரையப்பட்டது. தோல்நிறமும் அதே முறையைச் சேர்ந்ததுதான். கண்முன் நிற்கும் ஒரு மனிதரைப் பார்த்து அவருடைய மேனியின் நிறத்தை ஓவியர் கலக்கவில்லை. ஆணுக்கென்று ஒன்று, பெண்ணுக்கென்று ஒன்று என முன்பே வகுத்திருந்த இரண்டு நிறங்களில் ஒன்றை எடுத்துப் பூசினார்.

இதற்கு வலுவான சான்று ஓவியங்களைவிட எழுத்தில் கிடைக்கிறது. எகிப்தியச் சித்திர எழுத்தில், சொல் ஓர் ஆணைக் குறித்தால் அதன் இறுதியில் உட்கார்ந்த ஆணின் வடிவமும், பெண்ணைக் குறித்தால் உட்கார்ந்த பெண்ணின் வடிவமும் வரும். முழுமையாக வண்ணமிட்ட கல்வெட்டுகளில் அந்த ஆணின் உடல் சிவப்பாகவும் பெண்ணின் உடல் மஞ்சளாகவும் இருப்பது வழக்கம். அந்தக் குறி எந்தத் தனி மனிதரையும் காட்டுவதில்லை. ஆகவே அதில் பூசப்பட்ட நிறமும் யாருடைய தோலையும் பார்த்துப் பூசியதாக இருக்க முடியாது.

நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணத்தை எடுத்து விளக்க முடியுமா?

ராஹோதெப், நோஃப்ரெத் தம்பதியின் சிலைகளைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1871-இல் மெய்தூமில், கி.மு. 2600-ஐ ஒட்டிய நான்காம் அரசமரபுக் காலத்துக் கல்லறை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டு, கெய்ரோ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டவை இவை. சுண்ணாம்புக் கல்லில் தனித்தனியாகச் செதுக்கப்பட்ட இரண்டும் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் உயரமுள்ளவை. வண்ணம் இவ்வளவு முழுமையாக நிலைத்திருக்கும் பழைய எகிப்தியச் சிலைகள் மிகச் சில.

ராஹோதெப் குட்டையான வெள்ளை இடுப்பாடை அணிந்து, ஒரு கையை மார்பின்மேல் மடக்கி அமர்ந்திருக்கிறார். மெல்லிய மீசை கருப்புக் கோடாகத் தீட்டப்பட்டிருக்கிறது. நெற்றியிலிருந்து பாதம் வரை உடல் முழுவதும் ஒரே செம்பழுப்பு. பக்கத்தில் நோஃப்ரெத் தடித்த பொய்முடி தரித்திருக்கிறார். அதன் விளிம்புக்கு அடியில், நெற்றியை ஒட்டி, அவருடைய சொந்தக் கூந்தல் சிறிது எட்டிப் பார்க்கிறது. கழுத்தில் பல வரிசை கொண்ட அகன்ற அணி, உடலை ஒட்டிய வெள்ளை ஆடை, வெளியே தெரியும் முகமும் கையும் பாதமும் பாலாடை போன்ற வெளிர்மஞ்சள். இருவர் கண்களிலும் படிகக்கல் பதிக்கப்பட்டிருப்பதால், பார்ப்பவரைத் திரும்பிப் பார்ப்பது போன்ற உயிர்ப்பு வந்துவிடுகிறது.

கண்ணையும் மீசையையும் பொய்முடிக்கு அடியில் தெரியும் கூந்தலையும் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த அதே பட்டறையினர், தோலுக்கு வரும்போது கன்னத்துக்கும் கழுத்துக்கும், முழங்கைக்கும் உள்ளங்கைப் பக்கத்துக்கும் எந்த வேறுபாடும் காட்டவில்லை. அவர்களுக்குத் திறமை போதவில்லை என்று இதைக் கொள்ள முடியாது. தோலை ஆள் அடையாளமாக அவர்கள் கருதவில்லை என்பதே பொருத்தமான முடிவு.

ஆண்கள் வெயிலில் உழைத்தார்கள், பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், அதனால்தானே இந்த நிறங்கள்?

இந்த விளக்கம் பல நூல்களில் வருகிறது. பாதி உண்மையும் இதில் இருக்கிறது. ஆனால் முழு விளக்கமாக எடுத்துக்கொண்டால் ராஹோதெப்பிடமே அது முறிந்துபோகிறது. அவர் அரசரின் மகன் என்ற பட்டமும் ஹீலியோபோலிஸ் சூரியக் கோயிலின் தலைமைக் குரு என்ற பதவியும் உடையவர். வயலில் உழுதவர் அல்லர். இருந்தும் அவருக்குக் கிடைத்தது, வயலில் உழுபவருக்கும் படகு தள்ளுபவருக்கும் கிடைக்கும் அதே செம்பழுப்பு. உண்மையான வெயில் கருமை என்றால் ஆடை மறைக்கும் பகுதியும் அக்குளும் உள்கையும் வெளுப்பாக இருந்திருக்க வேண்டும். அப்படி எல்லைக்கோடு போட்டுத் தீட்டும் வழக்கம் எகிப்திய ஓவியத்தில் இல்லை.

எனினும், வெளியே நடமாடுவது ஆணுக்குரியது, இல்லத்தை ஆள்வது பெண்ணுக்குரியது என்ற எண்ணம் இந்த நிறத் தேர்வுக்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது. பெண்ணின் வழக்கமான பட்டங்களில் ஒன்றே 'வீட்டின் தலைவி' என்பதுதான். ராஹோதெப் வாழ்ந்த பழைய அரசுக் காலத்தில் சில ஆண் அதிகாரிகள் மஞ்சள் தோலோடு காட்டப்பட்டிருப்பதும் இந்த எண்ணத்துக்கு ஆதரவாக நிற்கிறது. அவர்கள் பெரும்பாலும் உடல் பெருத்த, வயது முதிர்ந்த, வளமான மனிதர்கள். உடலை வருத்தாமல் அமர்ந்து ஆணையிடும் நிலைக்கு உயர்ந்தவர்கள் என்று அந்த நிறம் சொல்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் வெயில் இங்கே காரணம் என்பதைவிட, வெயில் படும் வாழ்க்கை, படாத வாழ்க்கை என்ற சமூக நிலையின் குறியீடு என்று சொல்வதே சரி.

உண்மையிலேயே ஆணின் தோலும் பெண்ணின் தோலும் நிறத்தில் வேறுபடுமா?

வேறுபடும், ஆனால் ஓவியம் காட்டும் அளவில் ஒரு சிறு பகுதிதான். தோல்நிறத்தை அளப்பவர்கள், வெயில் அதிகம் படாத மேற்கையின் உட்புறத்தில் கருவியை வைத்து, தோல் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்ப்பார்கள். ஒரே மக்கள் கூட்டத்துக்குள் இப்படி அளந்தால், பெரும்பாலான கூட்டங்களில் பெண்களின் சராசரி ஆண்களின் சராசரியைவிடச் சில புள்ளிகள் வெளுப்பாக இருக்கிறது. சராசரிகளுக்கு இடையில்தான் இந்த வேறுபாடு. தனியாட்களை எடுத்தால் ஆண்களின் வரிசையும் பெண்களின் வரிசையும் பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். தோலை மட்டும் பார்த்து ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல முடியாது.

வேறுபாட்டின் தன்மையும் கவனிக்கத்தக்கது. மனிதத் தோலின் நிறத்தை முக்கியமாக மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன: பழுப்பைத் தரும் மெலனின், சிவப்பைத் தரும் குருதியின் ஹீமோகுளோபின், மஞ்சளைத் தரும் கரோட்டின். 1939-இல் எட்வர்ட்ஸ், டன்ட்லி என்ற இருவர் நிறமாலை அளவியைக் கொண்டு உயிருள்ள தோலை ஆராய்ந்தபோது, ஆண்களின் தோலில் மெலனினும் குருதியின் பங்கும் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அதாவது ஆணின் தோல் பழுப்பும் சிவப்பும் கலந்த பக்கமாகவும், பெண்ணின் தோல் அவை குறைந்த வெளிர் பக்கமாகவும் சற்றே சாய்கிறது. எகிப்திய ஓவியர் தேர்ந்தெடுத்த திசையும் அதுவே. இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும்போது, அவர்கள் இந்த மரபை வெறுங்கற்பனையில் பிடித்திருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். அன்றாடம் கண்ணில் பட்ட மெல்லிய சாய்வு ஒன்றை, ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு முனைகளாக இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு ஏன் உண்டாயிற்று என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பருவமடையும்போது சுரக்கும் ஹார்மோன்களின் பங்கைப் பலர் சுட்டுகிறார்கள். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பெண்ணுடலுக்குக் கால்சியம் அதிகம் தேவைப்படுவதால், வைட்டமின் டி-யைத் தோல் எளிதாக உண்டாக்குமாறு வெளுத்தது என்பது இன்னொரு கருத்து. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

அந்த இரண்டு நிறங்களையும் எதைக் கொண்டு உண்டாக்கினார்கள்?

இரண்டுக்கும் அடிப்படை இரும்புதான். ஆணுக்குச் செங்காவி, பெண்ணுக்கு மஞ்சள்காவியோடு வெள்ளை கலந்த பூச்சு. மஞ்சள்காவியின் நிறம், நீர்ச்சேர்க்கை கொண்ட இரும்புத் தாதுவிலிருந்து வருகிறது. அதை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் நீர் வெளியேறி அதுவே சிவப்பாகிவிடும். இயற்கையாகக் கிடைத்த செங்காவியும் எகிப்தில் ஏராளம். வெள்ளைக்குச் சுண்ணாம்புக் கல்லோ ஜிப்சமோ, கருப்புக்குக் கரி. பொடியைச் சுவரோடு பிடித்துவைக்க வேலம்பிசின் போன்ற பிசினையோ விலங்குப் பசையையோ கலந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் வந்த புதிய அரசுக் காலத்தில், பளிச்சென்ற மஞ்சள் வேண்டிய இடங்களில் அரிதாரம் என்ற மஞ்சள் தாதுவும் பயன்பட்டது.

வேலை நடந்த முறையும் நிறத்தைத் தட்டையாக்கியது. முடிவடையாத கல்லறைகளில், எடுத்துக்காட்டாக அரசர் பள்ளத்தாக்கிலுள்ள ஹோரெம்ஹெப் கல்லறையில், இதன் படிகளை இன்றும் காணலாம்: முதலில் சிவப்புக் கோட்டில் வரைவு, அதன்மேல் தலைமை ஓவியரின் கருப்புத் திருத்தம், பிறகு செதுக்கல், கடைசியாக வண்ணம். ஒரு நிறத்தைக் குழைத்தால் அது காய்வதற்குள் அந்த நிறம் வரவேண்டிய இடங்களையெல்லாம் நிரப்பிவிடுவதே சிக்கனம். இத்தகைய பட்டறையில் ஆளுக்கொரு தோல்நிறம் கலக்க இடமே இல்லை.

இந்த விதியை மீறிய இடங்கள் உண்டா?

உண்டு, மரபு எதைச் சொல்ல வந்தது என்பதை மீறல்களே நன்றாக விளக்குகின்றன. மிகத் தெளிவானது ஹத்ஷெப்சுத்தின் கதை. பெண்ணாகப் பிறந்து கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் அரசராக முடிசூடிய அவருடைய தெய்ர் எல்-பஹ்ரி கோயிலில், ஒசிரிஸ் கடவுளின் கோலத்தில் அவரைக் காட்டும் பெருஞ்சிலைகள் இருந்தன. அவற்றில் மிஞ்சிய வண்ணத்தை ஆராய்ந்தவர்கள், முகநிறம் முதலில் பெண்ணுக்குரிய மஞ்சளாகவும், பிறகு இரண்டுக்கும் இடைப்பட்ட ஆரஞ்சாகவும், இறுதியில் ஆணுக்குரிய சிவப்பாகவும் மாறியதாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஒரே மனிதரின் முகத்தில் மூன்று நிறங்கள் வந்திருக்கின்றன. அவருடைய தோல் அந்த ஆண்டுகளில் மாறியிருக்காது. அரசர் என்ற ஆண்பாற் பதவியில் அவர் எவ்வளவு ஊன்றினார் என்பதுதான் மாறியது.

அக்நாதன் என்ற அரசரின் ஆட்சியில், கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மரபு வேறுவகையில் தளர்ந்தது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள சுவரோவியத் துண்டில் மெத்தையில் அமர்ந்திருக்கும் அவருடைய இரு சிறு மகள்கள் நல்ல செந்நிறத்தில் இருக்கிறார்கள். 1912-இல் அமர்னாவில் கிடைத்து இப்போது பெர்லினில் இருக்கும், அவருடைய அரசி நெஃபர்த்தீத்தியின் சிலையின் முகமும் பழைய வெளிர்மஞ்சள் அன்று, இளம் பழுப்பு. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் ராம்செஸின் அரசி நெஃபர்த்தாரியின் கல்லறையில் கன்னத்திலும் கழுத்திலும் மெல்லிய நிழல் தீட்டிய சிவந்த பழுப்பு மேனியைக் காண்கிறோம். அதே சுவர்களில் ஐசிஸ் போன்ற தேவியர் மஞ்சளாகவே நிற்கிறார்கள். இருவகைப் பெண்ணுருவங்களும் அடுத்தடுத்து நிற்பதால், ஓவியருக்கு வேறு நிறம் கலக்கத் தெரியாது என்ற வாதம் அங்கே எடுபடாது.

சில அரசர்களும் அரசிகளும் கறுப்பாகத் தீட்டப்பட்டிருப்பது எதனால்?

மறுபிறப்பின் நிறம் என்பதால். நைல் வெள்ளம் வடிந்தபின் வயலில் தங்கும் வண்டல் கறுப்பு. இறந்து எழுந்த ஒசிரிஸுக்கும் கறுப்போ பச்சையோ பூசினார்கள். இரண்டாம் மென்துஹோதெப்பின் அமர்ந்த சிலை தெய்ர் எல்-பஹ்ரியில் நிலத்தடி அறை ஒன்றில் கிடைத்தது. அதன் முகமும் கைகளும் கால்களும் கன்னங்கறுப்பு, மணிமுடி சிவப்பு, ஆடை வெள்ளை. அஹ்மோஸ்-நெஃபர்த்தாரி என்ற அரசி இறந்து பல தலைமுறைகளுக்குப் பின், அரச கல்லறைகளை வெட்டிய தெய்ர் எல்-மதீனாத் தொழிலாளர்கள் அவரைத் தங்கள் காவல்தெய்வமாக வணங்கியபோது கறுப்பு மேனியோடு தீட்டினார்கள். இவற்றை அந்த மனிதர்களின் பிறவி நிறத்துக்குச் சான்றாகக் காட்டுவது, பச்சை ஒசிரிஸைக் கண்டு பச்சை மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் எகிப்தியர் வெள்ளையரா, கறுப்பரா என்ற கேள்விக்கு இந்த ஓவியங்கள் பதில் தருமா?

தராது. அந்தக் கேள்வியின் இரண்டு பெட்டிகளும் பிற்கால ஐரோப்பிய, அமெரிக்க வரலாற்றில் உருவானவை. வடக்கே மத்தியதரைக் கடலோர வடிநிலம் முதல் தெற்கே அஸ்வான் வரை ஆற்றோரமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்த நாடு அது. வடக்கிலிருந்து தெற்கே போகப் போக மக்களின் தோல் படிப்படியாகக் கருமை கூடியே இருந்திருக்கும். ஆனால் ஓவியங்களில் அந்தப் படிநிலை இல்லை. எங்கு போனாலும் பெரும்பாலும் அதே செம்பழுப்பு ஆண், அதே மஞ்சள் பெண்.

அரசர் முதலாம் சேதியின் கல்லறையில் (1817-இல் இத்தாலியர் பெல்சோனி கண்டது) நான்கு வகை மக்கள் வரிசையாக வருகிறார்கள்: செம்பழுப்பு எகிப்தியர், மஞ்சள் சாயலுள்ள மேற்காசியர், எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த கறுப்பு நூபியர், மிக வெளுத்த லிபியர். பலர் இதை இன அட்டவணையாக வாசிக்கிறார்கள். ஆனால் அங்கே நிறம் தனித்து வேலை செய்யவில்லை. ஆடை, தாடி, முடியலங்காரம், உடலில் பச்சைகுத்து எல்லாம் சேர்ந்தே ஒவ்வொரு மக்களையும் அடையாளம் காட்டுகின்றன. எகிப்தியருக்கு அங்கே தரப்படுவது எகிப்திய ஆணுக்குரிய அதே வழக்கமான நிறம்தான்.

இந்த நிறம் எவ்வளவு தூரம் அரசியல் அடையாளம் என்பதற்கு ஹெக்கனஃபர் என்ற நூபியச் சிற்றரசர் நல்ல சாட்சி. துத்தன்காமூன் காலத்தில் நூபியாவை நிர்வகித்த ஹூய் என்பவரின் தீப்ஸ் நகரக் கல்லறையில், கப்பம் கொண்டுவரும் நூபியத் தலைவர்களில் ஒருவராக, இறகு சூடி, நூபிய உடையில், மண்டியிட்டு அவர் காட்டப்படுகிறார். அதே ஹெக்கனஃபர் தம் சொந்த ஊர்ப் பக்கம் தோஷ்காவில் தமக்கென வெட்டிய கல்லறையில் எகிப்திய அதிகாரியாகவே தம்மைக் காட்டிக்கொண்டார். மனிதர் ஒருவர்தான், யார் சுவரில், யாருக்காக வரையப்படுகிறார் என்பதற்கேற்பத் தோற்றம் மாறிவிட்டது. ஹூய் கல்லறையின் அந்த நூபியர் வரிசையிலேயே சிலர் கறுப்பாகவும் சிலர் பழுப்பாகவும் மாறிமாறி வருகிறார்கள். நெருக்கமாக நிற்கும் உருவங்களைப் பிரித்துக் காட்ட எகிப்திய ஓவியர்கள் அடிக்கடி கையாண்ட உத்தி அது. மாட்டு மந்தைகளுக்கும் அதையே செய்தார்கள்.

மூவாயிரம் ஆண்டுகளில் நிறமே மாறியிருக்காதா?

சில இடங்களில் மாறியிருக்கிறது, ஆகவே ஒரு புகைப்படத்தை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. மிகவும் ஏமாற்றுவது தீ. தீப்ஸ் கல்லறைகள் பல பிற்காலத்தில் குடியிருப்புகளாகப் பயன்பட்டன. உள்ளே நெருப்பு எரிந்தது. மேலே சொன்னபடி மஞ்சள்காவி சூட்டில் சிவக்கும் என்பதால், மஞ்சளாகத் தீட்டிய பெண் செம்பழுப்புப் பெண்ணாகிவிடுவாள். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: பக்கத்தில் பாய், கூடை, மரச்சாமான் போன்று மஞ்சளாக இருக்கவேண்டியவையும் சிவந்திருக்கின்றனவா, சிவப்பு ஒரு பக்கத்திலிருந்து படிப்படியாகக் குறைகிறதா, புகைக்கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெண்ணின் மேனி மட்டும் சிவந்து, அவள் அருகிலுள்ள பாய் மஞ்சளாகவே இருந்தால் அது ஓவியர் தாமே தேர்ந்த நிறம்.

அரிதாரம் ஒளி பட்டு வெளுக்கும். பூச்சுக்கு மேல் தடவிய மெருகெண்ணெய் பழுப்பேறி மஞ்சளைக் கருமையாக்கும். சேதியின் கல்லறையில் 19-ஆம் நூற்றாண்டில் ஈரக் காகிதத்தைச் சுவரில் அழுத்திப் படி எடுத்தவர்கள் வண்ணத்தையே உரித்துவிட்டார்கள். அதனால் அங்கே பெல்சோனி காலத்து நீர்வண்ணப் படிகளோடு ஒப்பிட்டுத்தான் பேச முடிகிறது.

வேறு நாகரிகங்களிலும் இந்த மரபு இருந்ததா?

இருந்தது. கிரீட் தீவின் மினோவச் சுவரோவியங்களில் ஆண் சிவப்பு, பெண் வெள்ளை. கிரேக்கக் கருப்புருவப் பானைகளில் பெண்ணின் தோலுக்கு மட்டும் தனியாக வெள்ளை பூசினார்கள். இத்தாலியின் தர்குவினியாவில் எத்ருஸ்கக் கல்லறை விருந்துக் காட்சிகளிலும் ஆண்கள் செந்நிறம், பெண்கள் வெளிர்நிறம். நிறத்தை மட்டும் வைத்துப் பாலை முடிவு செய்வதில் உள்ள சிக்கலை நோசஸ் அரண்மனையின் காளை தாண்டும் ஓவியம் காட்டுகிறது. அதிலுள்ள வெள்ளை உருவங்களை, அந்த அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவன்ஸ் பெண்கள் என்றார். அவர்களுடைய ஆடையும் உடற்கட்டும் ஆண்களுடையவை போல இருப்பதால், பிற்கால ஆய்வாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை.

ஓவியத்தை விட்டுவிட்டு, மம்மியின் தோலைப் பார்த்தே உண்மை நிறத்தைச் சொல்லலாமே?

முடியாது. உடலை உலர்த்தப் பயன்பட்ட நாட்ரன் உப்பும், அதன்மேல் ஊற்றிய பிசினும் எண்ணெயும், கடந்துபோன நூற்றாண்டுகளும் எல்லாத் தோலையும் கரும்பழுப்பாக்கிவிட்டன. உயிரோடு இருந்தபோது வெளுத்திருந்தவரும் கறுத்திருந்தவரும் இப்போது ஒன்றுபோலவே தெரிகிறார்கள். மரபணு நன்றாக மிஞ்சியிருக்கும் உடல்களில் நிறத்தோடு தொடர்புள்ள மரபணுக்களைப் படித்து ஓரளவு மதிப்பிடலாம். ஆனால் எகிப்தின் வெப்பத்தில் மரபணு விரைவில் சிதைந்துவிடுவதால் அத்தகைய உடல்கள் குறைவு. ஓர் ஊரின் உடல்களில் கிடைத்த முடிவை நாடு முழுவதற்கும் பொருத்தவும் முடியாது.